மிஞ்சினது எங்கே போனது

கோவிந்தம்மாளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் பேசுகிறார்கள். கட்டின புருஷனுக்குத் தன் கையாலேயே விஷம் கலந்து கொடுத்தவள் என்று. வாய் இருக்கிறது, பேசட்டும். ஆனால் என் கடை வாசலில் நின்று பேசினால் நான் விடமாட்டேன். "மருந்து வாங்க வந்தியா, வாயை மெல்ல வந்தியா?" என்று கேட்டுவிடுவேன். போன வாரம் ஒரு ஆள் அதற்குக் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டான். போனால் போகட்டும்.

என் பேர் சுரையா. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற மெடிக்கல் எங்களுடையது. மாமனார் முகம்மது கௌஸ் ஆரம்பித்த கடை. மருந்துப் படிப்புப் படித்தவள் நான் என்பதால் லைசென்ஸ் என் பேரில் இருக்கிறது. கல்லாவில் என் வீட்டுக்காரர் அன்வர் இருப்பார், மாத்திரை எடுத்துக் கொடுப்பது நான். கோவிந்தம்மாள் எனக்குப் பழக்கமானது இந்தக் கவுன்ட்டரின் அந்தப் பக்கம் நின்றுதான்.

பெருநகர் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள் அவள். பத்தொன்பது வருஷமாக அதே அடுப்பு. கறுத்து, ஒல்லியாக, எப்போதும் ஏதோ அடுப்பில் இருப்பதைப் போல அவசரமாகவே நிற்பாள். ஆனால் சமையல் பேச்சை எடுத்துவிட்டால் போதும், பஸ் போனாலும் கவலைப்படமாட்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒன்றிய அலுவலகத்தில் சமையல்காரர்களுக்கு ஒருநாள் பயிற்சி நடந்தது. அதிலிருந்து ஆளே மாறிவிட்டாள்.

"தெரியுமா சுரையாம்மா? காய நறுக்கினப்புறம் கழுவக் கூடாதாம். கழுவிட்டுத்தான் நறுக்கணும். இல்லாங்காட்டி சத்தெல்லாம் தண்ணியோட பூடுது. அரிசிய ரெண்டு தபா அலசினா போதும். நாங்க இன்னாடான்னா தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் அலசிக்கினு கெடந்தோம். இம்மாம் வருஷமா புள்ளைங்க சத்த சாக்கடைக்கு ஊத்திக்கீறேன் பாரு."

சொல்லும்போது நிஜமாகவே கண் கலங்கிவிட்டது அவளுக்கு. அப்படிப்பட்டவள். அன்றிலிருந்து கீரை வேகவைத்த தண்ணீரை அவள் கீழே கொட்டியதில்லை, சாம்பாரில் ஊற்றிவிடுவாள். மூடி போடாமல் காய் வேகவிட்ட உதவியாளரைக் கரண்டியோடு துரத்தினாள் என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். அவள் செய்ததில் ஒரு தப்பும் கிடையாது. பி வைட்டமின்களும் சி வைட்டமினும் தண்ணீரில் கரைகிறவை. கழுவினால் போகும், வடித்தால் போகும், ரொம்ப நேரம் கொதித்தாலும் குறையும்.

பயிற்சியில் அவள் கேட்டுவந்த இன்னொன்றும் உண்டு. இந்தச் சத்துகள் உடம்பில் தேவைக்கு மேல் சேர்ந்தால் மூத்திரத்தில் போய்விடும் என்பது. அதையும் அவள் கண்ணாலேயே பார்த்து உறுதி செய்துகொண்டாள். வாய்ப்புண்ணுக்கு நான் கொடுத்த பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையைப் போட்ட அன்று மஞ்சளாகப் போனது என்று வந்து சொன்னாள். "பயிற்சில பேசின அந்தம்மா சொன்னது அப்பட்டமான நெஜம்" என்றாள். கடையில் நின்ற ஆம்பிளைகள் சிரித்தார்கள். அவள் கவலைப்படவில்லை.

அவள் புருஷன் ஏகாம்பரம் நெல் வயலில் கூலி வேலை செய்கிறவர். அறுபது வயதிருக்கும். முட்டி வலி, இடுப்பு வலி என்று போன வருஷம் உட்கார்ந்துவிட்டார். காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டு, டி வைட்டமின் குறைவாக இருக்கிறது என்று பாலில் கலந்து குடிக்கிற பவுடர் எழுதிக் கொடுத்தார். சின்னப் பாக்கெட். ஒரு பாக்கெட்டில் அறுபதாயிரம் யூனிட். வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம். சீட்டில் தெளிவாகத்தான் எழுதியிருந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். "வாரத்துக்கு ஒன்னுக்கா" என்று விரலைக் காட்டிச் சொன்னேன். அதுவரைக்கும் என் மேல் தப்பில்லை.

எட்டு வாரத்தில் மனுஷன் எழுந்து நடந்தார். கார்த்திகைக்கு வயலில் இறங்கிவிட்டார். கோவிந்தம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. வாரத்துக்கு ஒன்றே இப்படி நடக்க வைத்தால், தினம் ஒன்று கொடுத்தால் இளவட்டமாக ஓடமாட்டாரா? மிஞ்சினால் போய்விடப் போகிறது. தை மாதத்தில் ஆரம்பித்தாள். காலையில் எழுந்ததும் பால் காய்ச்சி, பாக்கெட்டைக் கிழித்துப் போட்டு, சர்க்கரை போட்டு ஆற்றி, கையில் கொடுத்துக் குடிக்கவைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவாள். தினம். ஒரு நாள் விடவில்லை.

எங்களிடம் நாலு வாங்குவாள். காஞ்சிபுரம் போனால் அங்கே நாலு. மானாமதி போனால் அங்கே நாலு. ஒளித்து வாங்கவில்லை, இறங்கின இடத்தில் வாங்கினாள், அவ்வளவுதான். சத்து பவுடர்தானே என்று யாரும் சீட்டுக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மாசி கடைசியில் ஏகாம்பரத்துக்குச் சோறு இறங்கவில்லை. வாந்தி எடுத்தார். மலம் போகவில்லை. கை கால் துவண்டது. நாக்கு வறண்டு தண்ணீர் தண்ணீர் என்று கேட்டார். குடித்த தண்ணீர் அத்தனையும் மூத்திரமாகப் போனது. மறுபடியும் தாகம். இவள் என்ன நினைப்பாள்? சோறு தின்னாததால் மனுஷன் தளர்ந்து போகிறார் என்று நினைத்தாள். பாலை விடக்கூடாது என்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஒருநாள் வாந்தியில் வெளியே வந்துவிட்டதே என்று இன்னொரு பாக்கெட் கலந்து கொடுத்தாளாம்.

பங்குனியில் அவர் புத்தி தடுமாற ஆரம்பித்தது. பகலிலேயே பிதற்றினார். மூலையைப் பார்த்து, "அண்ணா, மேல வா, மேல வந்துடு" என்றார். அவருடைய அண்ணன் பாண்டுரங்கன் இருபத்திரண்டு வயதில் ஏரியில் முழுகிச் செத்தவர். நாற்பது வருஷமாயிற்று. அந்தப் பேரை வீட்டில் யாரும் எடுப்பதே கிடையாது. இப்போது ஏகாம்பரம் அவரோடு பேசுகிறார், சண்டை போடுகிறார், குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறார். ஊருக்கு இது போதாதா? முழுகிச் செத்தவன் தம்பி உடம்பில் இறங்கிவிட்டான், தண்ணி கேக்கறது ஏகாம்பரம் இல்லை, பாண்டுரங்கன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டு சொக்கம்மாள், "அடங்காத தாகம் மனுச தாகமாடி? வியாழக்கிழம தர்காவுக்கு இட்டுக்கினு போ" என்று சொல்லியிருக்கிறாள்.

கோவிந்தம்மாள் பயந்துவிட்டாள். குடத்தைப் பார்த்தாலே உடம்பு நடுங்கியது என்று பிறகு என்னிடம் சொன்னாள். பகலில் அவர் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து முகத்தையே பார்ப்பாளாம். மூக்கு அவருடையதுதான், ஆனால் உள்ளே இருக்கிறது அவரா என்று. முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவரைப் பார்த்து அப்படி ஒரு சந்தேகம் வந்தால் என்ன செய்வாள்?

சித்திரை பிறந்து இரண்டாவது வியாழக்கிழமை. நாலு மணி வெயில். தர்காவுக்குப் போகிற வழியில் ஷேர் ஆட்டோவை எங்கள் கடை முன்னால் நிறுத்தினாள். ஏகாம்பரத்தைக் கைத்தாங்கலாக இறக்கி எங்கள் படியில் உட்கார வைத்தாள். எனக்கு அடையாளமே தெரியவில்லை. கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, கண் எங்கேயோ போய் நின்றது. அன்வர் ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரை நீட்டினார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னும்" என்றார். அந்தக் குரலைக் கேட்டு எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பொய் சொல்லமாட்டேன், ஒரு நிமிஷம் நானும் ஏரியில் செத்தவனைத்தான் நினைத்தேன்.

"இன்னாக்கா ஆச்சு உன் வீட்டுக்காரருக்கு?" என்றேன்.

"காத்து சேஷ்டைம்மா. மந்திரிச்சி கயிறு கட்டிக்கினு வரலாம்னு போறேன். அந்த பால்ல போடுற பவுடரு நாலு குடு. நாளைக்கி காலைல இல்ல."

"போன வாரம்தானே நாலு வாங்கின? ஒரு மாசத்துக்கு வருமே."

"ஒரு மாசமா? அது திங்கக்கெழமயே தீந்துபோச்சு. காஞ்சிபுரத்துல வாங்கினதும் இன்னியோட சரி. தெனம் ஒன்னு குடுக்கறேன் இல்ல."

கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தேன். "எப்போலேர்ந்துக்கா?"

"தைலேர்ந்து. அதான் ஒன்னியும் ஆகாதே. சத்துதான? மிஞ்சினா மூத்திரத்துல பூடும். பயிற்சில சொன்னாங்க. நீயுந்தான சொன்ன?"

நானா? யா அல்லா, நானேதான். ஞாபகம் வந்துவிட்டது. பொங்கல் நெருக்கம், கடையில் கூட்டம், என் கையில் யாருக்கோ எடுத்த பி காம்ப்ளெக்ஸ் அட்டை. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து இவள், "சத்து மாத்திர கொஞ்சம் கூடப் போனா தப்பா சுரையாம்மா?" என்று கேட்டாள். எந்த மாத்திரை, யாருக்கு என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. தலையைக்கூடத் தூக்கவில்லை. "ஒன்னும் ஆகாதுக்கா, மூத்திரத்துல போயிடும்" என்றேன். பி காம்ப்ளெக்ஸுக்கே அது முழு உண்மை இல்லை. அதிலிருக்கிற பி6 வைட்டமின் மட்டும் மாசக்கணக்கில் அளவுக்கு மீறிப் போனால் கால் மரத்துப்போகும். டி வைட்டமினோ தண்ணீரில் கரையாத வேறு ஜாதி. படித்தவள் நான், பரீட்சையில் எழுதினவள் நான். அன்றைக்கு வாய் மட்டும் பேசியது.

"அக்கா, தர்காவுக்கு வேணாம். ஆஸ்பத்திரிக்கு வா. இப்பவே."

"மொதல்ல கயிறு கட்டிக்கினு அப்புறம்…"

"இது பேய் இல்லைக்கா, பவுடரு! நீ குடுத்த பவுடரு! ஏறு ஆட்டோவுல!" என்று கத்தினேன். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. கத்தாமல் சொல்லியிருக்கலாம். அவள் முகம் அன்றைக்கு இருந்த இருப்பை நான் மறக்கப்போவதில்லை.

அன்வரைக் கடையில் விட்டுவிட்டு நானும் போனேன். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். கால்சியம் பத்தரைக்குள் இருக்க வேண்டும், அவருக்குப் பதினாறைத் தொட்டது. கிட்னி பாதிக்கு மேல் வேலை செய்யவில்லை. டி வைட்டமின் எவ்வளவு என்று கேட்டால், அளக்கிற மிஷின் காட்டக்கூடிய எல்லையைத் தாண்டிவிட்டது என்றார்கள். அத்தனை கால்சியமும் ரத்தத்தில் ஏறித்தான் தாகம், வாந்தி, புத்தி மாறாட்டம் எல்லாம். டாக்டர் அவளைத் திட்டவில்லை. உடனே சலைன் ஏற்றினார்கள். பால், தயிர் கூடாது, வெயிலில் நிற்கவே கூடாது, வெயில் பட்டாலும் தோலில் டி உண்டாகும் என்றார்கள்.

"நிறுத்திட்டோமே, ரெண்டு நாளுல எறங்கிடும் இல்ல சார்?" என்று கேட்டாள்.

"இறங்காதும்மா. உடம்புக் கொழுப்புல சேர்ந்து கிடக்கு. கொஞ்சம் கொஞ்சமா மாசக்கணக்குல வெளிய வந்துகிட்டே இருக்கும்" என்றார் அவர்.

வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "தண்ணி இவ்ளோ ஏத்துறாங்களே, அதோட ஏன் போமாட்டேங்குது?" என்றாள்.

அவளுக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது? அவள் அடுப்பை வைத்துத்தான் சொன்னேன். "பீட்ரூட் வேகவெச்சா தண்ணி செவக்குது இல்ல? கேரட் வேகவெச்சா தண்ணி அவ்ளோ நெறம் மாறுதா? ஆனா எண்ணெயில வதக்கினா எண்ணெய் ஆரஞ்சா ஆயிடுது, பாத்திருக்க இல்ல?"

"பாத்துக்கீறேன்."

"கேரட்டுல இருக்கற அந்த நெறம் எண்ணெயிலதான் கரையும். உடம்புக்குள்ள போய் ஏ வைட்டமினா ஆவறது அதுதான். அதனாலதான் கேரட்டுக்கும் கீரைக்கும் சொட்டு எண்ணெய் ஊத்தணும், அப்பத்தான் உடம்புல சேரும். ஏ, டி, ஈ, கே நாலும் அப்படித்தான்க்கா. கொழுப்புல கரைஞ்சி, கொழுப்புலயும் ஈரல்லயும் போய்த் தங்கிக்கும். மூத்திரம் தண்ணிதானே? அது எப்படி எண்ணெய இழுத்துக்கினு போகும்? கேரட் தின்னா தேவைக்குத் தக்கபடிதான் உடம்பு மாத்திக்கும், பயமில்ல. மாத்திரையா, பவுடரா ஊத்தினா தடுக்க ஆளில்ல. பாலுல வேற கொழுப்பு. நல்லா உள்ள எடுத்துக்கினு போச்சு." கடைசியில் என்னால் பொறுக்க முடியவில்லை. "பயிற்சில இந்த எண்ணெய் சமாச்சாரம் சொல்லவே இல்லையா?"

அவள் என்னைப் பார்த்தாள். "மத்தியானத்துக்கு மேல சொன்னாங்களாம்."

"நீ இல்லையா?"

"எங்க இருக்க விட்டாங்க? பதினோரு மணிக்கு எங்கள்ல நாலு பேர எழுப்பிட்டாங்க. வந்தவங்களுக்கெல்லாம் சாப்பாடு செய்ய ஆளில்லயாம். நாங்க பின்னால போயி எம்பது பேருக்கு சாம்பார் வெச்சோம். அப்புறம் பாத்திரம் கழுவினோம். போறப்போ எல்லாருக்கும் குடுத்த மாரி எங்களுக்கும் சர்டிபிகேட்டு குடுத்தாங்க."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. சமையல்காரிக்குப் பாடம் நடத்தக் கூப்பிட்டு, பாடத்தின் பாதியில் அவளையே சமைக்க எழுப்பியிருக்கிறார்கள். அதில் ஒருவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. பசி வேளை, சமைக்கத் தெரிந்தவர்கள் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், கூப்பிட்டார்கள். யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

பன்னிரண்டாம் நாள் ஏகாம்பரத்துக்குப் புத்தி தெளிந்தது. கால்சியம் பன்னிரண்டுக்கு இறங்கியது. வீட்டுக்கு அனுப்பினார்கள், வாரம் ஒரு தடவை ரத்தம் பார்க்கச் சொல்லி. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். நாற்பத்தைந்து வருஷம் வெயிலில் வேலை செய்த மனுஷன், ஜன்னலுக்குக் கோணி கட்டின அறையில் உட்கார்ந்திருந்தார். கோவிந்தம்மாள் கதவிடுக்கில் விழுந்த ஒரு கோடு வெயிலைக்கூடத் துணி போட்டு மூடினாள். முன்னே அவர் உடம்பில் யார் இருக்கிறார் என்று பயந்தவள், இப்போது என்ன இருக்கிறது என்று பயந்தாள். அவர் தண்ணீர் கேட்கும் ஒவ்வொரு தடவையும் அவள் முகம் வெளுத்தது.

நான் இருக்கும்போதே அவரிடம் சொல்லிவிட்டாள். முன்னமே சொல்லியிருப்பாள் என்று நினைத்திருந்தேன். "நாந்தான் உன்ன இப்டி ஆக்கினேன். பேயும் இல்ல, உங்கண்ணனும் இல்ல. பால்ல போட்டுக் குடுத்தேனே, அதான்" என்று சொல்லி மடேர் மடேர் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வுடுமே. கசக்குதுன்னு நானாவது சொல்லிருக்கணும் இல்ல? குடிக்கறப்பவே கொமட்டும். நீ எதுருல நின்னுகினு இருப்ப. ஆசையா குடுக்கற, எப்டி வேணாங்கறது?" என்றார். சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஆனி மாதம் கால்சியம் மறுபடியும் ஏறியது. ஒரு பாக்கெட் கூடக் கொடுக்காமல், ஒரு சொட்டுப் பால் இல்லாமல், உள்ளே இருந்ததே ஏற்றியது. மருந்து கொடுத்தார்கள், இறங்கியது, மறுபடி ஏறியது. ஏற்கெனவே அடிபட்ட கிட்னி நின்றுவிட்டது. மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள், விடிந்து காபி நேரத்தில் இருதயம் நின்று போனது. பாக்கெட் நிறுத்தி எண்பத்தோரு நாள் ஆகியிருந்தது.

காரியம் முடிந்து நாலு நாள் கழித்து, முற்பகலில் கடைக்கு வந்தாள். பள்ளிக்கூடத்துக்கு அவள் இன்னும் போகவில்லை. கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடையில் யாரும் இல்லை.

"ஒன்னு கேக்கணும். திட்டாத."

"கேளுக்கா."

"அவுர எரிச்சப்புறம் எலும்ப, சாம்பல எல்லாம் செய்யாத்துல வுட்டோம். மாகறல் பக்கம். கணுக்கால் தண்ணிதான் ஓடுது. கீழ, ஆத்துல தோண்டி ஊத்துத் தண்ணி மொள்ளுறாங்க. புள்ளைங்க குடிக்குது." நிறுத்தி மூச்சு விட்டாள். "அது தண்ணில கரையாது, போவாது, தங்கிக்கும்னு நீ சொன்ன. அப்ப ஆத்துல இன்னும் கீதா?"

நான் கவுன்ட்டர் பலகையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் அவள் இரண்டு கையையும் பிடித்தேன். "இல்லைக்கா. நெருப்புல எல்லாம் எரிஞ்சிடும். கொழுப்பும் எரிஞ்சிடும், அதுல இருந்ததும் எரிஞ்சிடும். சாம்பல்ல ஒன்னும் மிஞ்சாது. சத்தியமா சொல்றேன். ஒன்னும் ஆகாதுக்கா."

ஒன்றும் ஆகாது என்று என் வாயிலிருந்து வந்ததும் அவள் கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். கோபமில்லை. அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மாகறல் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று அன்வரைக் கேட்டாள்.

இப்போது தினமும் அந்தப் பஸ்ஸில் போகிறாள். ஆற்றில் இறங்கி, ஊற்றுக்குப் பக்கத்தில் நின்று, குடம் எடுத்து வருகிற பெண்களிடம் அங்கே மொள்ளாதீர்கள், சாம்பல் விட்ட இடத்துக்கு மேலே போய் மொள்ளுங்கள் என்று சொல்கிறாளாம். நான் சொன்னது இந்தத் தடவை நூற்றுக்கு நூறு நிஜம். அவள் நம்பவில்லை.